சைன் பண்ண கஸ்டமருக்கு முதல் கால் இன்வைட் எப்படி அனுப்புறீங்க? டிராஃப்ட் போட்டிருக்கேன், பார்த்து சொல்லுங்க

அஞ்சுரோடு_தம்பி:
வணக்கம் மக்களே. நான் சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பாக்குறேன், வெள்ளி கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டு தர்றோம். நேத்து வெள்ளிக்கிழமை 5ஆம் தேதி செவ்வாய்ப்பேட்டைல ஒரு கொலுசு மொத்த வியாபாரி சைன் பண்ணிட்டாரு, அட்வான்ஸும் வந்துருச்சு. இப்ப அவர முதல் செட்டப் காலுக்கு கூப்பிடணும், அந்த மெசேஜ் எழுதுற வேலை எங்கிட்ட வந்திருக்கு. எங்க கம்பெனில இதுக்கு முன்னாடி இருந்த மெயில எடுத்து கொஞ்சம் தட்டி வச்சிருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி இங்க காட்டிடலாம்னு போடுறேன்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்களது ஆன்போர்டிங் அழைப்பிற்கு கீழ்க்காணும் நேரங்களில் ஒன்றைத் தேர்வு செய்யவும். செவ்வாய் 9 மதியம் 3.30, புதன் 10 காலை 11.00, வியாழன் 11 மாலை 4.00. தயார் செய்ய வேண்டியவை: ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, லோகோ, முழு ஸ்டாக் லிஸ்ட் எக்செல்லில், பார்ட்டி லிஸ்ட், பட்டறை வாரியாக வெள்ளி பாக்கி, ஓபனிங் பேலன்ஸ், பேங்க் விவரம், பயனர்கள் பட்டியல், போர்ட்டல் யூசர் ஐடி மற்றும் பாஸ்வேர்டு, பழைய பில் மாதிரிகள்."

வருஷத்துக்கு 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர், அதனால பில்ல அரசு போர்ட்டல்ல பதியற இ-இன்வாய்ஸ் கட்டாயம், அதான் அவரு வாங்குனதுக்கே காரணம். கால் 45 நிமிஷம். எப்படி இருக்கு, எத வெட்டலாம்?

சூரமங்கலம்_சேல்ஸ்:
ப்ரோ டெமோ கால்ல இவ்ளோ டாக்குமெண்ட் கேட்டா பயந்து ஓடிருவாங்க. முதல்ல ஃபீச்சர் காட்டுங்க, கடைசில ஒரு டிஸ்கவுண்ட் சொல்லி "இன்னிக்கு முடிச்சா இந்த ரேட்டு"னு அடிங்க. நான் இப்படித்தான் பண்றேன்.

அஞ்சுரோடு_தம்பி:
அண்ணா டெமோ இல்ல, அவரு காசே கட்டிட்டாரு. இது செட்டப் கால்.

சூரமங்கலம்_சேல்ஸ்:
ஓ சாரி, தலைப்ப சரியா படிக்கல. அப்ப எதுக்கு இவ்ளோ டென்ஷன், காசு வந்துருச்சுல்ல 😄

கோட்_கார்த்தி:
இத ரொம்ப யோசிக்க வேணாம் ப்ரோ. ஒரு புக்கிங் லிங்க் போட்டுருங்க, அவரே காலண்டர் பார்த்து ஸ்லாட் எடுத்துக்குவாரு, மெயில் இன்வைட் தானா போகும், ரிமைண்டர் தானா போகும், மாத்தணும்னா அவரே மாத்திக்குவாரு. நாங்க வெளிநாட்டு கிளையண்டுக்கு எல்லாம் அப்படித்தான். செக்லிஸ்ட்ட ஸ்லாட் கன்ஃபர்ம் ஆனதுக்கு அப்புறம் தனியா அனுப்புங்க, முதல் மெசேஜ்ல ஒரு வேலையும் சொல்லக் கூடாது, ஒரே கேள்விதான் இருக்கணும்: எப்போ?

குகை_வெள்ளி:
நான் சாஃப்ட்வேர்காரன் இல்லைங்க, வெள்ளி தொழில்தான், ஆனா இந்த மெசேஜ் எனக்கு வந்திருந்தா என்ன பண்ணிருப்பேன்னு சொல்றேன். செவ்வாய்க்கிழமை 3லேர்ந்து 4.30 ராகு காலம் தம்பி. புது கணக்கு தொடங்குறதுக்கு அந்த நேரத்த குடுத்திருக்கீங்க. நாங்க "ராகு காலம், வேண்டாம்"னு உங்களுக்கு பதில் எழுத மாட்டோம், சும்மா பதில் போடாம விட்ருவோம், நீங்க கஸ்டமர் ரெஸ்பான்ஸ் இல்லைன்னு நினைச்சுக்குவீங்க. நம்புறீங்களா இல்லையாங்கறது உங்க இஷ்டம், எங்க கடைத்தெருவுல பாதிக்கு மேல பாக்குறவங்கதான். அப்புறம் புக்கிங் லிங்க்னு சொல்றாரே அந்த தம்பி, லிங்க் வந்தாலே தொடாதன்னு என் பையன் சொல்லி வச்சிருக்கான், ஃபோன்ல காசு போயிரும்னு. அதனால நான் தொட மாட்டேன்.

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா:
ராகு காலத்த விடுங்க, 10, 11ஆம் தேதிய பார்த்ததும் எனக்கு தலை சுத்துது. 11 தான் விற்பனை கணக்கு காட்டுற ஜிஎஸ்டிஆர்-1க்கு கடைசி நாள். 5 கோடிக்கு மேலன்னா மாசா மாசம் ஃபைல் பண்றவங்கதான், மூணு மாசத்துக்கு ஒருக்கா திட்டத்துல இருக்க முடியாது. அந்த ரெண்டு நாளும் அவரு கடை கணக்குப்பிள்ளை எங்கள மாதிரி ஆளுங்ககூட ஃபோன்லயே தொங்கிட்டு இருப்பாரு, உங்க காலுக்கு எங்க வருவாரு. 20ஆம் தேதிக்கு முன்னாடி ரெண்டு நாளும் அப்படித்தான், அது வரி கட்டுற ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்கு. கடைசில நீங்க குடுத்த மூணு ஸ்லாட்டும் போச்சு, ஒண்ணு ராகுவுக்கு, ரெண்டு ஜிஎஸ்டிக்கு.

அந்த லிஸ்ட்ல "போர்ட்டல் பாஸ்வேர்டு"னு ஒண்ணு இருக்கே, அத உடனே தூக்குங்க. பாஸ்வேர்ட வாட்ஸப்ல மெயில்ல அனுப்ப சொல்லாதீங்க, எந்த கம்பெனியா இருந்தாலும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பழி உங்க மேல வரும்.

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
தம்பி, உங்க டிராஃப்ட்ல 11 ஐட்டம் இருக்கு, ஆனா அந்த கால் ஓடுமா ஓடாதாங்கறத முடிவு பண்ற ஒரே விஷயம் அதுல இல்ல: ஓடிபி எந்த ஃபோனுக்கு வருது.

இ-இன்வாய்ஸ்க்கு உங்க சாஃப்ட்வேர இணைக்கணும்னா அவரு einvoice1.gst.gov.in உள்ள போயி API Registration மெனுல ஒரு யூசர் உருவாக்கணும், Through GSP னு எடுத்து, உங்க சாஃப்ட்வேர போர்ட்டலோட இணைச்சு குடுக்கற ஜிஎஸ்பி கம்பெனி பேர தேர்ந்தெடுக்கணும். அங்க ஒரு ஓடிபி வரும். அது ஜிஎஸ்டில பதிஞ்ச மொபைலுக்குத்தான் போகும். செவ்வாய்ப்பேட்டைல நான் போன கடைங்கள்ல அந்த நம்பர் முதலாளி கையில இருந்தது கொஞ்சம்தான். நிறைய இடத்துல ஆடிட்டர் ஆபீஸ் நம்பர், சில இடத்துல 2017ல ரெஜிஸ்டர் பண்ணப்ப வேலைல இருந்த பையனோட நம்பர், அந்த பையன் இப்ப திருப்பூர்ல இருப்பான். கால்ல எல்லாரும் ஜாயின் பண்ணி, ஸ்கிரீன் ஷேர் போட்டு, சென்ட் ஓடிபி அழுத்துன அப்புறம்தான் "ஐயோ அது ஆடிட்டர் சாருக்கு போகுமே"னு சொல்லுவாங்க. அவருக்கு ஃபோன் போட்டா எடுக்க மாட்டாரு, ஓடிபி காலாவதி ஆயிரும், மறுபடி அனுப்பணும், அப்படியே கால் முடிஞ்சிரும்.

அதனால கார்த்தி சொன்னது பாதி சரி. செக்லிஸ்ட்ட அப்புறம் அனுப்புங்கன்னு சொன்னது நல்ல யோசனை. ஆனா "முதல் மெசேஜ்ல எப்போன்னு மட்டும் கேளுங்க"ங்கறது இங்க செல்லாது. யாரு இருக்கணும்னு தெரியாம எப்போன்னு அவரால பதில் சொல்ல முடியாது. ஓடிபி ஃபோன் வச்சிருக்க ஆளு எப்ப ஃப்ரீயோ அதுதான் ஸ்லாட். அந்த ஒரு ஐட்டம் முதல் மெசேஜ்லயே போகணும், மத்த எல்லாம் அவரு நேரம் சொன்னதுக்கு அப்புறம்.

கோட்_கார்த்தி:
ஓகே அண்ணா, ஓடிபி பாயிண்ட் ஒத்துக்கறேன், எங்க கிளையண்டுக்கு அந்த பிரச்சனையே இல்ல, அங்க அட்மின் ஒருத்தர் இருப்பாரு. ஆனா ஸ்லாட் கையால டைப் பண்ணி அனுப்புனா டபுள் புக்கிங் ஆகும். நாலு கஸ்டமருக்கு அதே மூணு நேரத்த அனுப்பி ரெண்டு பேரு அதையே எடுத்தா?

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
நியாயமான கேள்வி. அனுப்புன உடனே அந்த மூணையும் உங்க காலண்டர்ல "ஹோல்டு"னு போட்டு அடைச்சிடணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. அத எத்தன நாளைக்கு அடைச்சு வைப்பீங்கன்னு மெசேஜ்லயே சொல்லணும், இந்த நாள் வரைக்கும் வச்சிருக்கேன்னு. அப்ப அவருக்கும் பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும், நீங்களும் காலவரை இல்லாம மூணு நேரத்த பூட்டி வைக்க வேண்டாம். ஒருத்தர் பதில் சொன்னதும் மிச்ச ரெண்ட திறந்து விட்ருங்க. மூணுக்கு மேல குடுக்காதீங்க, ஏழெட்டு நேரம் குடுத்தா "அப்புறம் பாத்து சொல்றேன்"னு போயிருவாங்க. மூணும் வேற வேற நாள், ஒண்ணு காலைல ஒண்ணு சாயங்காலம்னு இருக்கணும். முடியிற நேரத்தையும் எழுதணும். 11.00னு மட்டும் போட்டா கடைக்காரருக்கு அது அரை மணியா ரெண்டு மணியான்னு தெரியாது, கல்லால யார உக்கார வைக்கறதுன்னு அவரு பிளான் பண்ணணும்ல.

சேர்வராயன்_ஹோம்ஸ்டே:
நான் ஏற்காட்டுல ஹோம்ஸ்டே வச்சிருக்கேன், கூட கொஞ்சம் காபி, மிளகு. கேள்விக்கு நேரா பதில் இல்ல, ஆனா வாங்குற பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். போன சீசன்ல ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கினேன், அவங்க குடுத்த ஸ்லாட் எல்லாம் சனிக்கிழமை காலைல 11, ஞாயித்துக்கிழமை 12. எங்களுக்கு செக் அவுட் 11, செக் இன் 12, சனி ஞாயிறுதான் கூட்டமே. அவங்களுக்கு அது "வீக்கெண்ட்ல ஃப்ரீயா இருப்பீங்க"ங்கற நினைப்பு. நான் கேட்டது செவ்வாய் புதன் காலைல, அது அவங்க லிஸ்ட்லயே இல்ல. நவம்பர்லேர்ந்து பழம் எடுப்பு ஆரம்பிச்சா அதுவும் கஷ்டம். அப்புறம் கால்ல வீடியோ ஆன் பண்ணுங்கன்னு வேற கேட்டாங்க, எங்க தோட்டத்துல சிக்னல் ஒரு மூலைல நின்னாத்தான் வரும், மழை வந்தா ஃபைபரும் போயிரும், கரண்டும் போயிரும். கால் கட் ஆனா என்ன பண்ணணும்னு அந்த மெயில்ல ஒரு வரி இருந்திருக்கலாம். இன்னும் அந்த சாஃப்ட்வேர பாதிதான் யூஸ் பண்றேன்.

அஞ்சுரோடு_தம்பி:
அக்கா கால் கட் ஆனா என்னங்கறது நல்ல பாயிண்ட், எழுதிக்கறேன். அண்ணா, அப்ப மிச்ச 10 ஐட்டத்துல எது வைக்கலாம், எது வேண்டாம்? எங்க மேனேஜர் ஸ்டாக் லிஸ்ட் முழுசா வந்தாத்தான் கால் போடணும்ங்கறாரு.

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
ஸ்டாக் லிஸ்ட் முழுசா எப்பவும் வராது. கொலுசு ஸ்டாக்னா எடை, டச்னு சொல்ற வெள்ளி சுத்தம், சேதாரம், அப்புறம் எந்த பட்டறைக்கு எவ்ளோ வெள்ளி குடுத்திருக்கோம், எவ்ளோ சரக்கா திரும்பி வந்துச்சுன்னு இருக்கும். அது ஒரு நோட்டுல முதலாளி கையெழுத்துல, அவருக்கு மட்டும் புரியிற மாதிரி இருக்கும். அத எக்செல்லா மாத்தி அனுப்புங்கன்னா ஒரு மாசம் ஆகும், அது வரைக்கும் உங்க கால் தள்ளி தள்ளி போகும், கடைசில அவரு வாங்குனதையே மறந்துருவாரு. உங்க மேனேஜருக்கு முழு ஸ்டாக் வேணும்ங்கறது வாஸ்தவம், ஆனா அது ரெண்டாவது காலுக்கு.

முதல் காலுக்கு உங்களுக்கு வேண்டியது அந்த நோட்டுல ஒரே ஒரு பக்கத்தோட ஃபோட்டோ. அத பார்த்தா போதும், அவரு வெள்ளிய மொத்த எடைல எழுதுறாரா, டச் போட்டு சுத்த வெள்ளியா மாத்தி எழுதுறாரா, பட்டறை பாக்கி கிராம்ல இருக்கா, கூலி ரூபாயா வெள்ளியாவேவான்னு தெரிஞ்சிரும். கால்ல "இந்த கட்டம் எதுக்குங்க சார்"னு நீங்க கேக்கலாம், அவரு சொல்லுவாரு, எக்செல் டெம்ப்ளேட்ட அவரு நோட்டுக்கு தகுந்த மாதிரி நீங்க பண்ணி குடுத்துடலாம்.

அடுத்தது கடைசியா போட்ட பில்லு ஒண்ணோட ஃபோட்டோ. லோகோ, அட்ரஸ், ஜிஎஸ்டி நம்பர், பேங்க் விவரம், எல்லாம் அதுலயே இருக்கு, தனித்தனியா கேக்க வேண்டியதில்ல. அதவிட முக்கியம் பில் நம்பர். அவரு எந்த நம்பர்ல நிக்கிறாருன்னு தெரிஞ்சாத்தான் அதுலேர்ந்து தொடர முடியும். பில் நம்பர் 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது, இ-இன்வாய்ஸ்ல 0, சாய்கோடு, சின்ன கோடு இதுல ஆரம்பிக்கற நம்பர போர்ட்டல் ஏத்துக்காது. கையால பில் போட்ட கடைங்கள்ல 0452ன்னு நம்பர் அடிச்ச புக்கு நிறைய பார்த்திருக்கேன். முன்னாடியே ஃபோட்டோ பார்த்தா நீங்க ஒரு முன்னெழுத்து சேர்த்து சீரீஸ் ரெடியா வச்சிடலாம். கால்ல பார்த்தா எர்ரர் வந்து முதலாளி முன்னாடி முழிக்கணும்.

மூணாவது, பில் போடற கம்ப்யூட்டர் முன்னாடி, பில் போடப்போற ஆளு உக்காந்திருக்கணும். முதலாளி ஃபோன்ல ஜாயின் பண்ணா ஸ்கிரீன்ல ஒண்ணும் படிக்க முடியாது, பிரிண்டரும் அங்க இருக்காது.

அவ்ளோதான். பான், சான்றிதழ், பார்ட்டி லிஸ்ட் எல்லாம் இப்ப வேண்டாம்.

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா:
எல்லாம் சரி, எங்க பக்கத்து கஷ்டத்தையும் சொல்லிடறேன். ஓடிபி எங்க நம்பருக்கு வருதுன்னா எங்ககிட்ட முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லணும். திடீர்னு யாரோ ஒருத்தர் ஃபோன் பண்ணி "மேடம் ஒரு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க"ன்னா நாங்க குடுக்க மாட்டோம், குடுக்கவும் கூடாது. கிளையண்ட் அவரே எங்ககிட்ட பேசி, இன்ன நாள் இன்ன நேரம் இந்த வேலைக்கு ஒரு ஓடிபி வரும்னு சொல்லணும். அதவிட நல்லது எங்காளு ஒருத்தர அந்த அஞ்சு நிமிஷத்துக்கு கால்ல சேர்த்துக்கறது.

முடிஞ்சா நம்பரையே முதலாளி நம்பருக்கு மாத்திக்க சொல்லுங்க. மொபைல் மாத்துறதுக்கு அதிகாரி அப்ரூவல் எல்லாம் வேண்டாம், நான்-கோர் திருத்தம்தான். ஆனா உங்க கால்ல உக்காந்து அத பண்ணாதீங்க, அது தனி வேலை, அதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும்.

இன்னொண்ணு, செட்டப் கால்ல "டெஸ்ட்டுக்கு ஒரு பில் போட்டு பாப்போம்"னு லைவ்ல போட்டுறாதீங்க ப்ளீஸ். போர்ட்டல்லேர்ந்து ஐஆர்என் நம்பர் வந்துருச்சுன்னா அது நிஜ பில்லுதான், ஜிஎஸ்டிஆர்-1க்கு தானா போயி உக்காந்துக்கும். கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான், அது தாண்டினா கிரெடிட் நோட்டு போட்டு எங்க உயிர வாங்குவீங்க. டெஸ்ட்னா சாண்ட்பாக்ஸ்ல போடுங்க.

கோட்_கார்த்தி:
எனக்கு இன்னும் ஒரு டவுட். 5ஆம் தேதி சைன், 11 தாண்டித்தான் ஸ்லாட்னா ஒரு வாரம் ஆயிருது. அட்வான்ஸ் குடுத்தவருக்கு ஒரு வாரம் ஒண்ணுமே நடக்கலைன்னா சூடு ஆறிடும். நான் திங்கக்கிழமையே போடுவேன், ஓடிபி இல்லைன்னாலும் பரவால்ல.

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
ஓடிபி இல்லாம போட்டா அது செட்டப் கால் இல்ல, நலம் விசாரிப்பு. முதல் கால் பாதில நின்னா "இவனுங்க சாஃப்ட்வேர் வேலை செய்யல"ன்னு கடைத்தெரு முழுக்க போயிரும், அங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் காத்திருப்பேன். ஆனா மெசேஜ இன்னிக்கே அனுப்பிடுவேன்.

கோட்_கார்த்தி:
நான் ஒத்துக்கல அண்ணா. ஓடிபி இல்லாமயே பில் டிசைன், யூசர் எல்லாம் பண்ணலாமே. ரெண்டு சின்ன கால் எப்பவும் ஒரு பெரிய கால விட நல்லது.

குகை_வெள்ளி:
ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. அஞ்சு ரோட்லேர்ந்து செவ்வாய்ப்பேட்டை எவ்ளோ தூரம், வண்டிய எடுத்துட்டு நேர்ல போயி ஒரு டீ குடிச்சிட்டு எந்த நம்பருக்கு ஓடிபி வருதுன்னு கேட்டுட்டு வந்தா முடிஞ்சுது. இதுக்கு போயி இவ்ளோ எழுத்து.

அஞ்சுரோடு_தம்பி:
போகலாம்ண்ணா, ஆனா மாசத்துக்கு பல பேரு சைன் பண்றாங்க, ஆத்தூர், ஓமலூர், ராசிபுரம்னு, எல்லா இடத்துக்கும் போக முடியாது, அதான் மெசேஜ் சரியா இருக்கணும்னு பாக்குறேன். இப்ப மாத்தி எழுதிட்டேன். வாட்ஸப்ல என் சொந்த ஆபீஸ் நம்பர்லேர்ந்து, டைப் பண்ணி, லிங்க் இல்லாம.

முதல் மெசேஜ்:

"வணக்கம்ங்க சார். பில்லிங் செட்டப்புக்கு முதல் கால் போட்டுடலாம்ங்க, 45 நிமிஷம் ஆகும். கால் முடியறப்ப உங்க கடை கம்ப்யூட்டர் இ-இன்வாய்ஸ் போர்ட்டலோட இணைஞ்சிருக்கும்.
முதல்ல ஒண்ணே ஒண்ணு தெரியணும்ங்க: ஜிஎஸ்டி ஓடிபி எந்த ஃபோனுக்கு வருது, உங்களுக்கா, ஆடிட்டருக்கா, வேற யாருக்காவதா? அந்த ஃபோன் வச்சிருக்கவங்க கையில கிடைக்கிற மாதிரி இதுல ஒரு நேரம் சொல்லுங்க.
1. வெள்ளி 12, மதியம் 12.15 முதல் 1.00
2. சனி 13, காலை 11.00 முதல் 11.45
3. திங்கள் 15, மாலை 4.00 முதல் 4.45
நம்பர் மட்டும் அனுப்பினா போதும். மூணும் தோதுப்படலைன்னா உங்களுக்கு வசதியான நேரத்த வாய்ஸ்ல சொல்லுங்க. புதன் சாயங்காலம் வரைக்கும் இந்த மூணையும் உங்களுக்காக வச்சிருக்கேன்."

நேரம் சொன்னதுக்கு அப்புறம் அனுப்பறது:

"சரிங்க சார், போட்டுட்டேன். அதுக்குள்ள ரெண்டு ஃபோட்டோ மட்டும் இதே நம்பருக்கு அனுப்பிடுங்க: கடைசியா போட்ட பில்லு ஒண்ணு, பட்டறை கணக்கு நோட்டுல ஏதாவது ஒரு பக்கம். கால் நேரத்துல பில் போடறவங்க கடை கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கட்டும்ங்க. ஃபோட்டோ எடுக்க முடியலைன்னாலும் பரவால்ல, கால்லயே பாத்துக்கலாம். பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம், போர்ட்டல்ல நீங்களே அடிச்சுக்கலாம். கால் கட் ஆனா நான் இந்த நம்பருக்கு கூப்பிடுறேன்."

ராகு காலம், எமகண்டம் ரெண்டும் பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை 10.30லேர்ந்து 12 ராகு, 3லேர்ந்து 4.30 எமகண்டம். சனிக்கிழமை 9லேர்ந்து 10.30 ராகு, 1.30லேர்ந்து 3 எமகண்டம். திங்கள் ரெண்டுமே மதியத்துக்கு முன்னாடி முடிஞ்சிருது.

குகை_வெள்ளி:
பலே. ஆனா திங்கக்கிழமை 4 மணி எனக்குன்னா எடுக்க மாட்டேன், வெளியூர் பார்ட்டிங்க சரக்கு எடுத்துட்டு கிளம்புற நேரம். சனிக்கிழமைதான் எடுப்பாருன்னு நினைக்கறேன்.

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
நல்லா இருக்கு தம்பி. இலவச ஜூம்ல போடுறதா இருந்தா 40 நிமிஷத்துல தானா கட் ஆயிரும், 45ன்னு எழுதியிருக்கீங்க. மூணு பேருன்னா இலவச கூகுள் மீட்ல ஒரு மணி நேரம் ஓடும், அதுல போடுங்க. முந்தின நாள் சாயங்காலம் ஒரு ரிமைண்டர், அதுல மீட் லிங்க், "ஓடிபி ஃபோன்"ங்கற வார்த்தை ரெண்டும் இருக்கட்டும். லிங்க்க முன்னாடியே தனியா அனுப்புனா மேல போயி தேட மாட்டாங்க. குகை அண்ணா மாதிரி லிங்க்க தொடாதவரா இருந்தா கணக்குப்பிள்ளைக்கு அனுப்புங்க, அவரு தொடுவாரு.

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா:
"ஆடிட்டருக்கா"ன்னு கேட்டது ரொம்ப நல்லது. இல்லாட்டி "எனக்குத்தான் வருது"ன்னு பழக்கத்துல சொல்லிடுவாங்க. பேங்க் ஓடிபிய நினைச்சுட்டு சொல்றவங்க நிறைய. சந்தேகமா இருந்தா ஜிஎஸ்டி போர்ட்டல் ப்ரொஃபைல்ல பதிஞ்ச நம்பரோட கடைசி நாலு எண்ண பார்த்து சொல்ல சொல்லுங்க.

அஞ்சுரோடு_தம்பி:
அனுப்பிட்டேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துருச்சு, நம்பர் இல்ல, வாய்ஸ் நோட்டு. சனிக்கிழமை சரின்னுட்டாரு. ஓடிபி தனக்குத்தான் வருதுன்னாரு. அக்கா சொன்ன மாதிரி கடைசி நாலு எண் கேட்டேன், பாத்துட்டு "இது யாரு நம்பர்னே தெரியலையே"ங்கறாரு. பெங்களூர்ல இருக்க அவரு பையன் பழைய நம்பரா இருக்கலாமாம், அந்த சிம் இப்ப இருக்கா இல்லையான்னு தெரியலையாம், பையனையும் கால்ல சேர்க்கணும்ங்கறாரு.

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா:
சிம் உயிரோட இருந்தா சனிக்கிழமைக்குள்ள மாத்திடலாம். இல்லைன்னா அவரு ஆடிட்டர்கிட்ட இன்னிக்கே பேச சொல்லுங்க, 11 முடிஞ்சதும் பாக்கட்டும். எது ஆனாலும் சனிக்கிழமை ஸ்லாட்ட விடாதீங்க.

கோட்_கார்த்தி:
சிம் இல்லைன்னா சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க? நான் சொன்ன பில் டிசைன் கால்தானே? 😏

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
இல்ல, அப்ப தள்ளி வைப்பேன், ஃபோட்டோ வந்திருந்தா அத வச்சு டெம்ப்ளேட்ட ரெடி பண்ணிட்டு இருப்பேன். ஆனா தம்பி உங்க மேனேஜர கேட்டு முடிவு பண்ணுங்க.

சேர்வராயன்_ஹோம்ஸ்டே:
இத படிச்சுட்டு எனக்கு விக்கிற கம்பெனிக்கே ஒரு மெயில் போடலாம்னு இருக்கேன், மிச்சம் பாதி செட்டப்ப முடிக்க. நான் கஸ்டமர், நானே மூணு ஸ்லாட் குடுக்கலாமா, அவங்க கோச்சுக்க மாட்டாங்களா?

பழைய_இம்ப்ளிமென்ட்டர்:
தாராளமா குடுங்கக்கா, அவங்களுக்கு வேலை மிச்சம். செவ்வாய், புதன், வியாழன் காலைல 9.30லேர்ந்து 10.30க்குள்ள மூணு குடுங்க, செக் அவுட்டுக்கு முன்னாடி. சிக்னல் விஷயத்தையும் ஒரு வரி எழுதுங்க, வீடியோ இல்லாம ஸ்கிரீன் ஷேர் மட்டும்னு, கட் ஆனா லேண்ட்லைனுக்கு கூப்பிட சொல்லி. எந்த எந்த ஸ்கிரீன் இன்னும் ஓடலைன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூடவே வச்சிடுங்க, இல்லாட்டி முதல்லேர்ந்து டெமோ ஆரம்பிச்சுருவாங்க.